ஹைட்ராலிக் சிலிண்டர் வேகக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பம்ப் எத்தனை லிட்டர்னு தெரியும், போர் தெரியும், ராடு சைஸ் தெரியும். ராடு வெளியே வர்ற வேகம், உள்ளே போற வேகம் ரெண்டையும் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உள்ளே வரும் ஆயிலின் அளவை, அது தள்ளும் முகத்தின் பரப்பால் வகுத்தால் வேகம் வந்துவிடும். ராடு வெளியே வரும்போது ஆயில் பிஸ்டனின் முழு முகத்தையும் தள்ளுகிறது. உள்ளே போகும்போது முகத்தின் நடுவில் ராடு நிற்பதால் அதைச் சுற்றியுள்ள வளையம் மட்டும்தான் மிச்சம். பரப்பு குறைவு, வரும் ஆயில் அதே அளவு, அதனால் வேகம் கூடுகிறது.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே சிலிண்டரை வைத்துக்கொள்வோம்: போர் 80 மி.மீ., ராடு 45 மி.மீ., ஸ்ட்ரோக் 500 மி.மீ., பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர்.

நிமிடத்துக்கு 30 லிட்டர் என்றால் வினாடிக்கு 500 கன செ.மீ. போரின் பரப்பு 50.3 சதுர செ.மீ. ராடின் பரப்பு 15.9. கழித்தால் வளையத்துக்கு 34.4. ஆகவே வெளியே வரும் வேகம் 500 ÷ 50.3, அதாவது வினாடிக்கு 9.95 செ.மீ. உள்ளே போகும் வேகம் 500 ÷ 34.4, அதாவது 14.5 செ.மீ. முழு ஸ்ட்ரோக்கும் வெளியே வர 5 வினாடிக்குச் சற்று மேல், உள்ளே போக சுமார் 3.4 வினாடி.

பரப்பைத் தனியாகப் போடச் சோம்பலாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்கிவிடலாம். Q என்பது நிமிடத்துக்கு லிட்டர், D போர், d ராடு, இரண்டும் மி.மீ.யில். விடை வினாடிக்கு மி.மீ.

```
வெளியே:  v = 21220 × Q / D²
உள்ளே:   v = 21220 × Q / (D² − d²)
```

21220 என்ற எண் லிட்டரைக் கன மி.மீ. ஆக்கி, நிமிடத்தை வினாடியாக்கி, π/4ஐயும் சேர்த்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் கிடைக்கும் இன்னொரு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 50.3 ÷ 34.4 = 1.46. இரண்டு பரப்புகளின் விகிதம் இது. பம்ப் பழையதானாலும் புதியதானாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் இது இரும்பின் அளவு. கீழே பல இடங்களில் இதுவே துணைக்கு வரும்.

உள்ளே போற வேகம் மட்டும் வினாடிக்கு அரை மீட்டர்னு வருது. எங்கே தப்பு?

அநேகமாக 80இலிருந்து 45ஐக் கழித்து 35ஐ வர்க்கம் எடுத்திருப்பீர்கள். 35² = 1225. சரியானது 80² − 45², அதாவது 6400 − 2025 = 4375. முதலில் தனித்தனியாக வர்க்கம், அப்புறம் கழித்தல்.

விடை சரியா என்று பார்க்க விகிதமே போதும். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் சிலிண்டர்களில் உள்வேகம் வெளிவேகத்தைப்போல் ஏறக்குறைய 1.25 முதல் 2 மடங்குக்குள் இருக்கும். உங்கள் கணக்கில் ஐந்து மடங்கு வந்தால் ராடை நினைத்துப் பாருங்கள், போரை முக்கால்வாசிக்கு மேல் அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பெயர்ப்பலகை அழிஞ்சுபோச்சு. வெளியே காலிப்பர் வச்சா 95 மி.மீ. காட்டுது. அதையே போடலாமா?

கூடாது. 95 என்பது குழாயின் வெளி விட்டம். சுவரின் தடிமனை இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும். 95ஐ அப்படியே போட்டால் வெளிவேகம் வினாடிக்கு 70 மி.மீ. என்று வரும், ஓட்டிப் பார்த்தால் 100. விட்டம் வர்க்கமாகப் போவதால் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும். சுவர் 7 அல்லது 8 மி.மீ. இருக்கலாம் என்று கொண்டால் 79 முதல் 81 வரை வரும். வழக்கமான போர் அளவுகளில் அதற்கு அருகில் 80தான் இருக்கிறது. சீல் மாற்றிய பழைய பில் இருந்தால் அதில் பிஸ்டன் சீலின் வெளி விட்டம் இருக்கும், அது போரேதான்.

ராடு வெளியே தெரிவதால் அதை நேரே அளக்கலாம். ராடும் ஏதோ உறைக்குள் மறைந்திருந்தால் நேரத்தை வைத்தே பிடித்துவிடலாம். வெளியே வர எடுக்கும் நேரம் T, உள்ளே போக எடுக்கும் நேரம் t என்றால்:

```
d = D × √(1 − t/T)
```

நம் சிலிண்டருக்கு 3.44 ÷ 5.03 = 0.684. ஒன்றிலிருந்து கழித்தால் 0.316, வர்க்கமூலம் 0.562, 80ஆல் பெருக்கினால் 45. பம்ப் எத்தனை லிட்டர் தருகிறது என்பதே இதற்குத் தேவையில்லை. சுமை இல்லாமல், வேகத்தைக் குறைக்கும் வால்வு எதுவும் நடுவில் இல்லாமல் அளந்தால் மட்டும் இது பொருந்தும்.

Q-வுக்கு எந்த எண்ணைப் போடணும்? பம்ப்ல ‘22 சிசி’னு மட்டும்தான் இருக்கு.

ஒரு சுற்றுக்கு 22 கன செ.மீ. என்று அர்த்தம். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் பெருக்கினால் 31.7 லிட்டர். இது தாளில் வரும் அளவு. அழுத்தம் ஏறும்போது பம்ப்புக்குள்ளேயே கொஞ்சம் ஆயில் பின்னால் நழுவும். நல்ல நிலையில் உள்ள கியர் பம்ப்புக்கு 5 முதல் 10 சதவீதம் கழித்துக்கொள்வது வழக்கம். நாம் 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டது இப்படித்தான்.

மோட்டார் பலகையில் உள்ள சுற்றைப் போடுங்கள். 1500 என்று முழு எண்ணாகப் போட்டால் தொடக்கத்திலேயே 4 சதவீதம் கூடிவிடும்.

பிரஷரை ஏத்தினா வேகம் கூடுமா?

பெரும்பாலும் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை சிசி என்று தள்ளும் பம்ப்பில் வேகத்தைத் தீர்மானிப்பது லிட்டர். அழுத்தம் என்பது சுமை கேட்கும் அளவுக்குத் தானாக ஏறுவது. ரிலீஃப் வால்வை 150 பாரிலிருந்து 180க்குத் திருகினாலும், சுமை 90 பார்தான் கேட்கிறது என்றால் மானி 90லேயே நிற்கும், வேகமும் அப்படியே இருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஓடும்போதே ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலின் ஒரு பகுதியை டேங்குக்கு விட்டுக்கொண்டிருந்தால், திருகியதும் அந்த ஆயில் சிலிண்டருக்குப் போய் வேகம் கூடும். அதைப் பார்த்துத்தான் ‘பிரஷர் ஏத்தினா ஸ்பீடு வரும்’ என்ற பேச்சு பரவியிருக்கிறது. அந்த நிலைமை வந்தால் கேட்க வேண்டிய கேள்வி, இவ்வளவு அழுத்தத்தைக் கேட்கும் தடை எங்கே இருக்கிறது என்பதே. அதைத் தேடாமல் ஸ்க்ரூவைத் திருகுவது சிலிண்டருக்கும் ஹோஸுக்கும் நல்லதல்ல.

கணக்குல வந்த வேகம் மிஷின்ல வரலை. பம்ப் போச்சா, சிலிண்டர் போச்சா?

முதலில் சரியாக அளக்க வேண்டும். முழு ஸ்ட்ரோக்குக்கும் ஸ்டாப்வாட்ச் அழுத்தாதீர்கள். தொடக்கத்தில் வால்வு நகர்ந்து ஆயில் பிடிக்கக் கொஞ்ச நேரம் போகும், கடைசியில் குஷன் இருந்தால் அங்கே வேண்டுமென்றே வேகம் குறையும். ராடின் பாதைக்கு அருகே அசையாத ஓரிடத்தில் 100 மி.மீ., 400 மி.மீ. தூரங்களில் இரண்டு கோடு போட்டு, நடுவில் உள்ள 300 மி.மீ.யை மட்டும் அளங்கள். ஆயில் சூடேறி வேலை வெப்பநிலைக்கு வந்த பிறகு, சுமை இல்லாமல் அளக்க வேண்டும். நம் சிலிண்டருக்கு வெளியே 3.0 வினாடி, உள்ளே 2.06 வினாடி வர வேண்டும்.

அளந்ததும் இரண்டு நேரங்களையும் ஒன்றால் மற்றொன்றை வகுத்துப் பாருங்கள். நோய் எந்தப் பக்கம் என்பதை அது சொல்லும்.

வெளியே 3.36, உள்ளே 2.30 வந்தது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1.46, மாறவே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு மந்தம் என்றால் ஆயிலே குறைவாக வருகிறது. 300 ÷ 3.36 = வினாடிக்கு 89 மி.மீ., அதாவது 8.9 செ.மீ. 50.3ஆல் பெருக்கினால் வினாடிக்கு 449 கன செ.மீ., நிமிடத்துக்கு 26.9 லிட்டர். 30இல் 3 லிட்டரைக் காணோம். பம்ப் தேய்மானம், உறிஞ்சும் குழாயில் அடைப்பு, சரியாக மூடாத ரிலீஃப் வால்வு, மோட்டார் சுற்று என்று இரண்டு திசைக்கும் பொதுவான இடங்களில் தேடுங்கள். சிலிண்டரைப் பிரிக்க அவசரம் இல்லை.

இன்னொரு நிலைமை: வெளியே 3.0, உள்ளே 2.8. விகிதம் 1.07 ஆகிவிட்டது. வெளியே வரும்போது முழு 30 லிட்டரும் கிடைக்கிறது, அப்படியானால் பம்ப்பின் மேல் பழி போட முடியாது. உள்ளே போகும்போது 22 லிட்டர்தான் வேலை செய்கிறது, மீதி 8 லிட்டர் ரிலீஃப் வால்வு வழியே போகிறது. சுமையே இல்லாதபோது அங்கே அழுத்தம் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம், போர் பக்கத்திலிருந்து வெளியேறும் ஆயிலுக்கு வழி இல்லாததுதான். போர் பக்கத்தில் ஒரு மானியைப் போட்டு ராடை உள்ளே இழுத்துப் பாருங்கள். ஒழுங்காக இருந்தால் சில பார் மட்டும் காட்ட வேண்டும். 100 பார் பக்கம் காட்டினால் அடைப்பு அந்தத் துளைக்கும் டேங்குக்கும் நடுவே இருக்கிறது. தலைகீழாக மாட்டிய வேகக்கட்டுப்பாட்டு வால்வு இதைச் செய்யும். பழைய ஹோஸின் உள் ரப்பர் உரிந்து நாக்குபோல் தொங்கினாலும் இதுவே நடக்கும்: ஒரு திசையில் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு போகும், மறு திசையில் அது வந்து மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதுபோலவே இருக்கும்.

மூன்றாவது, சுமை இல்லாதபோது இரண்டும் சரி, சுமை ஏறினால் மட்டும் மந்தம். இது கசிவு. பம்ப்பிலா பிஸ்டன் சீலிலா என்று பிரிக்க, ராடை முழுதும் வெளியே நீட்டி, சுமையைத் தாங்கலில் வைத்து, பம்ப்பை நிறுத்தி, அழுத்தத்தை முழுதும் இறக்கிவிட்டு, ராடு பக்க ஹோஸைக் கழற்றி அதன் வாயைப் பிளக் போட்டு அடையுங்கள். பிறகு போர் பக்கத்துக்கு மட்டும் அழுத்தம் கொடுத்தால், திறந்த துளையிலிருந்து முதலில் உள்ளே நின்ற ஆயில் சொட்டி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஒழுகினால் பிஸ்டன் சீல் போய்விட்டது. துளைக்கு நேரே முகத்தையோ கையையோ கொண்டுபோகாதீர்கள், மறந்தும் லீவரை எதிர்ப்பக்கம் தள்ளாதீர்கள்.

30 லிட்டர் பம்புக்கு 30 லிட்டர் ரிட்டர்ன் ஃபில்டர் போதும்தானே?

போதாது. ராடு உள்ளே போகும்போது வளையத்துக்குள் 30 லிட்டர் வருகிறது, ஆனால் மறுபக்கம் முழு பிஸ்டனும் ஆயிலைத் தள்ளுகிறது. 30 × 1.46 = கிட்டத்தட்ட 44 லிட்டர் டேங்குக்குத் திரும்புகிறது. வெளியே வரும்போது இதற்கு நேர்மாறு, 30 ÷ 1.46 = 20.5 லிட்டர்தான் திரும்பும்.

ஒரு குறுகிய வழியில் அழுத்த இழப்பு ஏறக்குறைய ஆயில் அளவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 20.5 லிட்டருக்கும் 44 லிட்டருக்கும் இடையே நாலரை மடங்கு வித்தியாசம். அதனால்தான் வெளியே வரும்போது அமைதியாக இருக்கும் மிஷின் உள்ளே இழுக்கும்போது இரைகிறது. ஃபில்டர் சிறியதாக இருந்தால் ஒவ்வொரு முறை உள்ளே இழுக்கும்போதும் அதன் பைபாஸ் திறந்து, வடிகட்டாத ஆயில் டேங்குக்குப் போகும். இண்டிகேட்டர் உள்ளே போகும்போது மட்டும் சிவப்பைத் தொட்டு, வெளியே வரும்போது பச்சைக்குத் திரும்பினால் எலிமென்ட் அடைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது, அல்லது ஃபில்டரே சிறியது.

இந்தப் பின் அழுத்தம் இன்னொரு விதத்திலும் வலிக்கும். போர் பக்கத்தில் 20 பார் தேங்கினால், அதை வெல்லவே ராடு பக்கத்தில் 29 பார் வேண்டும், 20 × 1.46. திசை வால்வையும் ரிட்டர்ன் குழாயையும் 44 லிட்டருக்குப் பார்த்து எடுங்கள். ராடு தடிமன் கூடக் கூட இது மோசமாகும்: அதே 80 போரில் 56 மி.மீ. ராடு போட்டால் விகிதம் 1.96, திரும்பும் ஆயில் 59 லிட்டர்.

வெளியே வர்ற வேகத்தைக் குறைக்கணும். ராடு பக்கம் ஃப்ளோ கன்ட்ரோல் வச்சா கணக்கு எப்படி மாறும்?

அப்போது வேகத்தைத் தீர்மானிப்பது வெளியேறும் ஆயில், அதனால் வளையப் பரப்பால் வகுக்க வேண்டும். வால்வை நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு வைத்தால் வினாடிக்கு 200 கன செ.மீ. 34.4ஆல் வகுத்தால் வினாடிக்கு 5.8 செ.மீ. பலர் இங்கே பழக்கத்தில் 50.3ஆல் வகுத்து 4 செ.மீ. எதிர்பார்ப்பார்கள்.

அந்த வேகத்துக்குப் போர் பக்கம் குடிப்பது 17.5 லிட்டர். மீதி 12.5 லிட்டர் ரிலீஃப் வால்வின் முழு அழுத்தத்தில் டேங்குக்குப் போய் வெறும் சூடாகிறது. நாள் முழுக்க இப்படியே ஓடப்போகிறது என்றால் சின்ன பம்ப் போடுவதுதான் சரி.

கவனிக்க வேண்டியது அழுத்தம். ரிலீஃப் 150 பாரில் இருக்கிறது, சுமை ஏதும் இல்லை என்றால் போர் பக்கத்தில் 150 பார் நிற்கும். பிஸ்டனின் இரு பக்கமும் விசை சமமாக வேண்டும், ஆகவே ராடு பக்கத்தில் 150 × 1.46 = 219 பார். ரிலீஃப் வால்வு 150இல் இருக்கிறதே என்று நம்பி ராடு பக்கத்தில் 180 பார் ஹோஸ் போட்டவருக்கு அது ஏன் வெடித்தது என்றே புரியாது, ஏனென்றால் பம்ப் பக்கத்து மானி கடைசிவரை 150தான் காட்டிக்கொண்டிருக்கும். தொங்கும் சுமை ராடை வெளியே இழுத்தால் 219க்கும் மேலே போகும்.

பம்பை மாத்தாம வெளியே வர்ற வேகத்தைக் கூட்ட வழி உண்டா?

உண்டு. ராடு பக்கத்திலிருந்து வெளியேறும் ஆயிலை டேங்குக்கு அனுப்பாமல் போர் பக்கத்துக்கே திருப்பிவிடுவது, ரீஜெனரேடிவ் இணைப்பு என்பார்கள். அப்போது பம்ப் நிரப்ப வேண்டியது ராடு காலி செய்த இடத்தை மட்டும். வேகம் 500 ÷ 15.9 = வினாடிக்கு 31 செ.மீ., மூன்று மடங்குக்கு மேல்.

இலவசம் இல்லை. தள்ளும் பரப்பும் ராடின் பரப்பாகக் குறைந்துவிடும். 150 பாரில் ஏழரை டன் தள்ளியது இப்போது 2.4 டன்தான் தள்ளும். அதனால் பிரஸ்களில் சுமை தொடும் வரை இந்த இணைப்பில் வேகமாக இறக்கி, தொட்டதும் சாதாரண இணைப்புக்கு மாற்றுவார்கள். போர் பக்கத் துளையில் அந்த நேரத்தில் ஓடுவது 95 லிட்டர், பம்ப்பின் 30ஓடு ராடு பக்கத்திலிருந்து வரும் 65ஐயும் சேர்த்து. துளையும் வால்வும் அதைத் தாங்காவிட்டால் கணக்கில் வந்த 31 தாளிலேயே நிற்கும்.

இரண்டு திசையிலும் ஏறக்குறைய ஒரே வேகம் வேண்டுமானால் 80 போருக்கு 56 ராடு எடுத்து இந்த இணைப்பில் ஓட்டலாம். வெளியே 20.3, உள்ளே 19.5 செ.மீ. வரும்.

செங்குத்தா நிறுத்தி வச்ச சிலிண்டர் சுமையை இறக்கும்போது கணக்கைவிட வேகமா விழுது. ஆயில் எங்கிருந்து வருது?

வரவில்லை, அதுதான் சிக்கல். இதுவரை போட்ட சூத்திரங்கள் எல்லாம் ஆயில் பிஸ்டனைத் தள்ளுவதாக வைத்துப் போட்டவை. இங்கே சுமை பிஸ்டனைத் தள்ளுகிறது. ராடு மேலே பார்த்து நின்று சுமையைத் தாங்கினால், இறக்கும்போது போர் பக்கத்து ஆயில் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறதோ அவ்வளவு வேகமாக ராடு இறங்கும். பம்ப் தரும் 30 லிட்டரால் ராடு பக்கத்து இடத்தை நிரப்ப முடியாமல் அங்கே வெற்றிடம் உண்டாகும். ராடு பக்கத்து மானி பூஜ்யத்துக்கு விழும், கரகரவென்று சத்தம் வரும், கீழே வந்து அழுத்தம் தரும்போது ராடு ஒரு கணம் தயங்கும், அந்த வெற்றிடம் நிரம்பும் வரை.

இதற்குப் போர் பக்கத் துளையிலேயே ஒரு கவுண்டர்பேலன்ஸ் வால்வு வைக்க வேண்டும். ராடு பக்கத்தில் அழுத்தம் இருந்தால் மட்டும் அது திறக்கும், அழுத்தம் விழுந்தால் மூடிக்கொள்ளும். சுமை முந்திக்கொண்டு ஓட முடியாது. அதன் பிறகு இறங்கும் வேகம் மறுபடி 21220 × Q / (D² − d²) என்ற வரிக்கே கட்டுப்படும்.